முதல் கைத்தையல் வகுப்பு: மூன்று தையல், மூன்று அட்டை, பின்பக்கச் சோதனை

"கோபி பக்கம் எங்க ஊர் மகளிர் குழுவுல பன்னெண்டு பேருக்குக் கைத்தையல் சொல்லித் தரச் சொல்லியிருக்காங்க. வயசு இருபத்தஞ்சுல இருந்து அறுபது வரைக்கும் இருக்கு. மெஷின் கிடையாது. முதல் வகுப்புல என்னென்ன தையல் எடுக்கலாம், எப்படிச் செஞ்சு காட்டுறது, மாதிரி அட்டை எப்படித் தயார் பண்றது, கத்துக்கிட்டாங்களான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

மூன்றே தையல் எடுங்கள். ரன்னிங், பேக் ஸ்டிச், ஹெம்மிங். கச்சா தையலைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரன்னிங் தையலையே பெரிது பெரிதாக, தளர்வாகப் போட்டால் அதுதான் கச்சா. ஓரம் பிரியாமல் சுற்றிப் போடுவது, பட்டன் கட்டுவது, காஜா எல்லாம் அடுத்தடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஏழெட்டுத் தையலைக் காட்டினால் எல்லாருடைய கையிலும் ஏழெட்டு மாதிரித் துணி இருக்கும், வீட்டுக்குப் போய் ஒன்றைக்கூடத் திரும்பப் போட வராது. இந்த மூன்றும் கைவந்துவிட்டால் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கலாம், பக்கத்தில் விட்ட ஜாக்கெட்டை மூட்டலாம், பாவாடை ஓரம் மடித்துத் தைக்கலாம். இப்படிப்பட்ட வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஃபால்ஸ் தைக்கத்தான் வருகிறார்கள். அதனால் முழு வகுப்பையும் ஃபால்ஸை நோக்கியே கொண்டுபோவது நல்லது.

முதலில் துணி. உங்கள் பக்கத்தில் பனியன் வேஸ்ட் சும்மாவே கிடைக்கும், யாராவது ஒருவர் திருப்பூரிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கிவிடுவார். அதை முதல் வகுப்பில் தொட வேண்டாம். பனியன் துணி பின்னல் துணி. வெட்டின ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும், கையில் பிடித்தாலே இழுபடும். அதன்மேல் தையல் கோணலாக வந்தால் தப்பு கையிலா துணியிலா என்று உங்களுக்கே தெரியாது. தைத்த பிறகு இழுத்துப் பார்த்தால் துணி நீளும், நூல் நீளாது, பட்டென்று அறுந்துபோகும். புதிதாகக் கற்பவருக்குச் சாதாரணக் காடா துணிதான் சரி. பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் ஓடுவது இதுதான், எளிதாகக் கிடைக்கும். ஆனால் தறியிலிருந்து வந்த காடாவில் பாவுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும், ஊசி இறங்காது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, அலசிக் காயவைத்து, தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத்தில் ஆறு துண்டு போதும். பன்னிரண்டு பேருக்கு 72 துண்டு. ஒரு மீட்டர் அகலக் காடாவில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 60 துண்டு வரும். நனைத்தால் சுருங்கும், உங்கள் அட்டைகளுக்கும் துண்டு வேண்டும், ஆக இரண்டு மீட்டர் வாங்கிவிடுங்கள். கத்தரியால் வெட்டாமல், ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்துக் கையால் கிழியுங்கள். இழையோடு நேராகக் கிழிந்து வரும்.

இன்னொரு துணியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கட்டம் போட்ட கைலி. கட்டத்தின் கோடுகளே தையலுக்குக் கோடு. பென்சிலும் ஸ்கேலும் பிடித்துப் பழக்கமில்லாத, படிப்பு அதிகமில்லாத பெரியவர்களுக்கு "இந்தச் சிவப்புக் கோட்டு மேலயே போங்க" என்று சொன்னால் போதும். காடாவில் கோடு போட்டுக் கொடுத்தால் தயங்குகிறவர்கள்கூடக் கைலியில் தைரியமாக ஆரம்பிப்பார்கள்.

கை ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். காடாவுக்கு 7 அல்லது 8ஆம் எண் சரியாக இருக்கும். ஃபால்ஸுக்கு 9. நூல் துணிக்கு எதிர் நிறத்தில் இருக்கட்டும், காடாவுக்குச் சிவப்போ கருநீலமோ. ஒரே நிறத்தில் கொடுத்தால் தப்பு கண்ணுக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நூலை ஒற்றையாகக் கோர்க்கச் சொல்லுங்கள். நீளம் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, ஏறக்குறைய 45 செ.மீ. "அடிக்கடி கோர்க்கணுமேங்க" என்று சொல்லிக்கொண்டு எல்லாருமே ஒரு கை நீளத்துக்கு இழுப்பார்கள். முதல் வகுப்பில் விழும் சிக்குமுடிச்சில் பெரும்பகுதி இந்த நீள நூலால்தான். நூல் முறுக்கேறித் தானாகச் சுருண்டுகொண்டால், துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஊசி தானாகச் சுற்றி முறுக்கை இறக்கிவிடும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தையலைவிட ஊசி கோர்ப்பதுதான் பெரிய பாடு. படிக்கிற கண்ணாடி இருந்தால் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, நுனி மட்டும் கொஞ்சமே வெளியே தெரியும்படி இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, ஊசியின் காதை நூலை நோக்கிக் கொண்டுவந்தால் சீக்கிரம் ஏறும். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் காது பளிச்சென்று தெரியும். மெல்லிய கம்பி வைத்த ஊசி கோர்க்கும் தகடு நாலைந்து வாங்கி மேசைமேல் போட்டுவிடுங்கள், கேட்காமலேயே எடுத்துக்கொள்வார்கள். வகுப்பைப் பகல் வெளிச்சத்தில் வையுங்கள். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் மத்தியான நேரம், இரண்டு மணி நேரம் போதும். வலது கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் அவர் கையின் நிழலே தையல்மேல் விழும்.

அப்புறம், செய்து காட்டுவது. உங்கள் கையில் இருக்கும் மூன்று மில்லிமீட்டர் தையலைப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று பார்க்க முடியாது. முன்வரிசை பார்க்கும், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதற்குச் சாக்கும் கோணி ஊசியும்தான் நல்ல வழி. ஒன்றரை அடிச் சணல் சாக்குத் துண்டை மரச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்துக்கொள்ளுங்கள். பழைய போட்டோ சட்டம்கூடப் போதும். சாக்கின்மேல் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு விரல் இடைவெளியில் புள்ளி வைத்து, 1, 2, 3, 4 என்று எண் போடுங்கள். கோணி ஊசியில் சிவப்புக் கம்பளி நூல். ஒவ்வொரு தையல் போட்டதும் சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுங்கள். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. இதைத் தவற விடாதீர்கள். கைத்தையல் பின்பக்கத்தில்தான் புரியும்.

ஒவ்வொரு தையலையும் மூன்று தடவை காட்டுங்கள். முதல் தடவை பேசாமல், வழக்கமான வேகத்தில், கை எப்படிப் போகிறது என்று பார்க்க மட்டும். இரண்டாவது தடவை மெதுவாக, சொல்லிக்கொண்டே. மூன்றாவது தடவை அவர்கள் சொல்ல வேண்டும், நீங்கள் செய்ய வேண்டும். சொன்னதை மட்டும் அப்படியே செய்யுங்கள். "ஊசியை இறக்குங்க" என்று யாராவது சொன்னால் "எங்கே இறக்கட்டுங்க?" என்று நின்றுவிடுங்கள். "ரெண்டுலங்க", "இல்லைங்க, ஒண்ணுல" என்று அவர்களுக்குள்ளேயே ஒரு சின்னச் சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது தெரியும்.

எதிரே உட்கார்ந்து காட்டினால் வலது இடதாகத் தெரியும் என்பதால், சட்டத்தை நீங்களும் அவர்கள் பார்க்கிற பக்கத்திலிருந்தே தையுங்கள். இடது கைக்காரர் ஒருவராவது இருப்பார், அவரை மட்டும் உங்களுக்கு நேர் எதிரே உட்காரவைத்து, அவர் பார்ப்பதை அப்படியே செய்யச் சொல்லுங்கள். அவர் இடமிருந்து வலமாகத் தைப்பார், அதுதான் அவருக்குச் சரி. கையை மாற்றச் சொல்லாதீர்கள்.

இனி மாதிரி அட்டை. சட்டைப் பெட்டிக்குள் வரும் அட்டை இதற்குப் போதும். ஒரு தையலுக்கு ஓர் அட்டை. அதில் நான்கு துணி. முதல் துணியில் பென்சில் கோடும் புள்ளியும் மட்டும். இரண்டாவதில் பாதி தைத்து, ஊசி துணியிலேயே நிற்க வேண்டும், அடுத்த தையலுக்கு நுழைந்தபடி. மூன்றாவதில் முழுதாக முடித்த தையல். நான்காவது தப்புத் துணி, வேண்டுமென்றே தப்பாகத் தைத்தது. துணியின் நான்கு ஓரத்தையும் அட்டையில் ஒட்டிவிடாதீர்கள். மேல் ஓரத்தை மட்டும் ஒட்டுங்கள் அல்லது ஸ்டேப்லர் அடியுங்கள், காலண்டர் தாள் மாதிரி தூக்கிப் பின்பக்கத்தைப் பார்க்க முடிய வேண்டும். அழகாக நாலு பக்கமும் ஒட்டி, ஃப்ரேம் போட்டு மாட்டுகிற மாதிரி அட்டை செய்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், கற்க உதவாது.

இரண்டாவது துணியில் நிற்கும் ஊசிதான் அந்த அட்டையின் உயிர். முடித்த தையலைப் பார்த்தால் எங்கே ஆரம்பித்து எங்கே போனது என்பது தெரியாது. பேக் ஸ்டிச்சில் ஊசி பின்னால் போய் நுழைந்து முன்னால் எட்டிப்பார்க்கிறதை ஒரு பார்வை பார்த்தால், மறந்தவர் உங்களைக் கூப்பிடாமல் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் தைப்பார். ஊசி முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் மறுபடி துணிக்குள்ளேயே செருகி வையுங்கள். வகுப்பு முடிந்ததும் எல்லா ஊசியையும் எண்ணி வாங்குங்கள். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவர்களுக்கு, உடைந்த ஊசியின் துண்டுகளைத் தேடிக் கொடுத்தால்தான் புது ஊசி வரும் என்பது பழகின சங்கதி.

இப்போது தையலுக்கு வருவோம். எப்போது அடுத்த தையலுக்குப் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரன்னிங் தையலுக்கு 10 செ.மீ. கோடு, அதன் நடுவில் 5 செ.மீ. தள்ளி இரண்டு குறுக்குக் கோடு. தையல் 3 மி.மீ., இடைவெளி 3 மி.மீ. அளவெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம், இரண்டு குறுக்குக் கோட்டுக்கும் நடுவில் மேலே எட்டுத் தையல் தெரிய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். ஏழோ ஒன்பதோ இருந்தாலும் சரிதான். முதல் வரியில் ஒவ்வொரு தையலாகக் குத்தி இழுக்கட்டும். இரண்டாவது வரியில் துணியை ஊசிமேல் அலைபோல ஏற்றி, மூன்று நான்கு தையல் சேர்ந்த பிறகு இழுக்கட்டும். ஆரம்பத்தில் சின்ன முடிச்சு, முடிவில் ஒரே இடத்தில் இரண்டு குட்டிப் பேக் ஸ்டிச். பேக் ஸ்டிச் இன்னும் சொல்லித்தரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், "அதே இடத்துல ரெண்டு தடவை குத்தி இழுங்க" என்றால் புரிந்துவிடும்.

இதற்குச் சோதனை இரண்டு. துணியை மேசையில் வைத்தால் தட்டையாகப் படுக்க வேண்டும். சுருங்கிக்கொண்டு நின்றால் நூலை இழுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஐந்தாறு தையலுக்கும் கட்டைவிரல் நகத்தால் தையல்மேல் ஒரு முறை நீவிவிடச் சொன்னால் இது போய்விடும். அடுத்து, திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் மாதிரியேதான் பின்பக்கமும் இருக்க வேண்டும். மேலே அழகான நீளத் தையல், அடியில் குட்டிக் குட்டிப் புள்ளி என்று இருந்தால் கண்ணை மேலே மட்டும் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

பேக் ஸ்டிச்சுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், வகுப்பின் கஷ்டமான பகுதி இதுதான். சாக்கில் எண் போட்டிருக்கிறீர்களே, அதை வைத்தே சொல்லலாம். ஊசி அடியிலிருந்து 2இல் வெளியே வரும். பின்னால் போய் 1இல் இறங்கும். அடியாலேயே போய் 3இல் ஏறும். திரும்ப 2இல் இறங்கும், 4இல் ஏறும். "மேலே ஒரு எட்டுப் பின்னாடி, அடியில ரெண்டு எட்டு முன்னாடி" என்று எல்லாரையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிஷத்துக்கு அறை முழுக்க இதுவே முணுமுணுப்பாக இருக்கும், இருக்கட்டும். துண்டில் கோடு 10 செ.மீ.க்கு மேல் வேண்டாம். இந்தத் தையலுக்குக் கோட்டின் நீளத்தைப் போல மூன்று பங்கு நூல் போகும், மேலே ஒரு பங்கு, அடியில் இரண்டு பங்கு. முழங்கை அளவு நூலில் 10 செ.மீ. தாராளமாக முடியும். 15 செ.மீ. கோடு போட்டால் நடுவழியில் நூல் தீரும், புது நூல் சேர்ப்பது தனிப் பாடமாகிவிடும்.

இதில் ஒரு வசதி, இரண்டு துணியைச் சேர்த்து வைத்துத் தைக்கச் சொல்லலாம். ஒரு துண்டு ஜோடியில் ரன்னிங், இன்னொரு ஜோடியில் பேக் ஸ்டிச். ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளித் தையல். முடித்ததும் விரித்து, தையலுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரன்னிங் பல்லிளிக்கும். பேக் ஸ்டிச் வாயை மூடிக்கொண்டிருக்கும். பிறகு இரண்டிலும் நடுவில் ஒரே ஒரு தையலை ட்ரிம்மரால் வெட்டிவிட்டு, மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். ரன்னிங்கில் நூல் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு வர, துணி திறந்துகொள்ளும். பேக் ஸ்டிச்சில் வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு தளர்ந்து, அதோடு நின்றுவிடும். ஜாக்கெட் அக்குளை எதனால் ரன்னிங்கில் மூட்டக் கூடாது என்று இதற்குப் பிறகு நீங்கள் சொல்லவே வேண்டாம்.

பேக் ஸ்டிச்சில் 5 செ.மீ.க்குள் பதினைந்து தையலுக்குக் குறையாமல் இருந்தால் போதும். மேல்பக்கம் இடைவெளி இல்லாமல் மெஷின் தையல் மாதிரி வர வேண்டும். பின்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறின, இரட்டை நீளத் தையலாகத் தெரிய வேண்டும். மேலே இடைவெளி தெரிந்தால் ஊசி முந்தின ஓட்டைக்குத் திரும்பிப் போகவில்லை, பாதியிலேயே இறங்கிவிட்டது என்று அர்த்தம். பின்பக்கத்திலும் ரன்னிங் மாதிரி விட்டுவிட்டுத் தெரிந்தால் பின்னால் போவதையே விட்டுவிட்டார், பேச்சு சுவாரசியத்தில் இது அடிக்கடி நடக்கும். மேலே எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் பல்லிளிக்கிறது என்றால் நூல் தளர்ச்சி. ஒவ்வொரு தையலையும் துணியில் படியும் வரை இழுத்து நிறுத்த வேண்டும், அதற்கு மேல் இழுக்கக் கூடாது. தைத்ததைக் கொண்டுவந்து மேல்பக்கத்தை நீட்டுவார்கள். "ஏனுங்க்கா, சரியா வந்திருக்குங்களா?" என்பார்கள். "திருப்பிக் காட்டு கண்ணு" என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள். வயதில் பெரியவர்களிடம் "திருப்பிக் காட்டுங்க, பார்க்கலாம்". கொஞ்ச நேரத்தில் அவர்களே பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வருவார்கள், சிலர் பார்த்துவிட்டு வராமல் அப்படியே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதைத்தான் நீங்கள் எதிர்பார்க்க வேண்டும்.

ஹெம்மிங்குக்குத் துணியை முதலில் அரை செ.மீ., பிறகு 2 செ.மீ. மடித்து நகத்தால் அழுத்தி, கச்சா தையல் போட்டு நிறுத்திவிட்டு ஆரம்பிக்க வேண்டும். மடிப்புக்குள் முடிச்சை ஒளித்து, மடிப்பு ஓரத்தின் வழியாக ஊசியை வெளியே எடுத்து, அதற்குச் சற்று முன்னால் வெளித்துணியில் ஒன்றிரண்டு இழையை மட்டும் ஊசி முனையால் தூக்கி, அதே வேகத்தில் மடிப்பு ஓரத்துக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்த சாய்ந்த தையலாகத் தெரியும். 5 செ.மீ.க்கு எட்டிலிருந்து பத்து இருந்தால் போதும். நல்ல பக்கத்தில் குண்டூசி குத்தின மாதிரிப் புள்ளிகள்தான் தெரியலாம். எதிர் நிற நூல் என்பதால் புள்ளி தெரியத்தான் செய்யும். கோடு தெரிந்தால்தான் தப்பு.

ஹெம்மிங்கில் வரும் கோளாறை எப்படிப் பிடிப்பது என்று ஓர் உதாரணம். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, வருஷக்கணக்காகக் கைலி மூட்டிப் பழகினவர். கை வேகம். ரன்னிங், பேக் ஸ்டிச் இரண்டும் முதல் தடவையே சரி. ஹெம்மிங்கில் மட்டும் நல்ல பக்கத்தில் வரிசையாகக் குழி குழியாக விழுந்தது. நூலை இழுக்காதீர்கள் என்றால் "இழுக்கலைங்க" என்கிறார். பார்த்தால் உண்மையிலேயே இழுக்கவில்லை. இப்படிக் குழி விழ மூன்று காரணம் இருக்கலாம். தடித்த ஊசி, அதிக இழை எடுப்பது, இழுப்பு. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று அவருக்குத் தெரியாமலே போகும். அதனால் இழுப்பை விட்டுவிட்டு, முதலில் இழையை எண்ணினோம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒவ்வொரு தையலிலும் நாலைந்து இழை சிக்கியிருந்தது தெரிந்தது. இரண்டு இழை மட்டும் எடுங்கள் என்றால் அவருக்கு வரவில்லை, முனை தானாக அதிகமாகக் கவ்வுகிறது. அப்போதுதான் ஊசியைப் பார்த்தோம், வீட்டிலிருந்து கொண்டுவந்த 5ஆம் எண். 9ஆம் எண் ஊசியைக் கொடுத்ததும் இழை இரண்டாகக் குறைந்தது. குழி பாதி போனது, முழுதும் போகவில்லை. மிச்சம், துணியை இடது கையில் இறுக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே தைப்பதால் வந்தது. கையை விட்டதும் துணி பழைய நிலைக்குச் சுருங்கும், நூல் அதோடு சேர்ந்து சுருங்காது, தையலுக்குத் தையல் துணி உப்பிக்கொள்ளும். கைலி மூட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள். மேசைமேல் துணியைப் போட்டு, இடது கையால் அழுத்தி மட்டும் பிடித்துத் தைக்கச் சொன்னதும் தையல் தட்டையாக வந்தது. குறை கையிலா, ஊசியிலா, பிடிப்பிலா என்று இப்படி ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். "நல்லா தைங்க" என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை.

ஒவ்வொருவருக்கும் அவரவர் அட்டை ஒன்று கொடுங்கள். முதலில் தைத்த துண்டையும் கடைசியாகத் தைத்த துண்டையும் அதில் வைத்துக்கொள்ளட்டும், நடுவில் பிரித்ததெல்லாம் தேவையில்லை. மூன்று தையலுக்கும் மூன்று கட்டம் போட்டு, சோதனையில் சரியாக வந்தால் மட்டும் டிக் அடியுங்கள். ஒரு தையலில் டிக் விழாதவர் அடுத்த தையலுக்குப் போக வேண்டாம், மற்றவர்களோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ரன்னிங் தட்டையாக வராதவருக்கு ஹெம்மிங் வராது. இதனால் வகுப்பு முடியும்போது சிலர் மூன்றும் முடித்திருப்பார்கள், சிலர் பேக் ஸ்டிச்சிலேயே நிற்பார்கள். பரவாயில்லை. முடித்தவரை முடிக்காதவருக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள், ஆனால் அவர் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். "குடு, நான் போட்டுத் தர்றேன்" என்று பிடுங்கித் தைப்பதுதான் நம் ஊர் உதவி.

அங்குஸ்தான் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். காடாவுக்கு அது இல்லாமலேயே ஊசி ஏறும், பழக்கமில்லாத விரலில் மாட்டினால் இன்னும் தடுமாறுவார்கள். புடவைக் கரை கனமாக இருக்கும்போது அவர்களாகவே கேட்பார்கள்.

இரண்டாம் வகுப்புக்கு வரும்போது ஒரு பருத்திப் புடவையும், அதற்குப் பொருத்தமான நிறத்தில் ஃபால்ஸும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஃபால்ஸை முந்தின நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, தேய்த்துக் கொண்டுவர வேண்டும். பருத்தி ஃபால்ஸ் முதல் துவைப்பில் சுருங்கும். நனைக்காமல் தைத்துவிட்டால் சுருங்கும்போது புடவையின் கீழ்க்கரையையும் சேர்த்து இழுத்துச் சுருக்கிவிடும், மறுபடி முழுதும் பிரிக்க வேண்டும். புடவையின் உள்பக்கத்தில், செருகுகிற முனையிலிருந்து ஒரு சாண் விட்டு ஃபால்ஸை வைத்து, குண்டூசி குத்தி, கச்சா போட்டு நிறுத்தட்டும். கீழ்க்கரையில் விளிம்பை ஒட்டி நெருக்கமான ரன்னிங், மேல் ஓரத்தில் இரண்டு இழை ஹெம்மிங். பட்டுப் புடவையில் முதல் ஃபால்ஸ் வேண்டாம். பட்டில் தப்பான இடத்தில் ஏறின ஊசியின் தடம் பிரித்த பிறகும் நிற்கும். பருத்தியில் ஒரு தடவை நனைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.